பென்சில் யார் கையில்

“டீச்சர், உங்க சம்பளத்துல என் மவளுக்குப் பாதியாவது தருவீங்களா, இல்ல முழுசையும் நீங்களே வச்சுக்கிடுவீங்களா?”

சங்கரேஸ்வரி வாசலில் நின்றபடியே கேட்டாள். செருப்பைக் கழற்றவில்லை. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் விடிகாலையிலிருந்து சின்ன வெங்காயம் தரம் பிரித்துவிட்டு, அரைக் கூலிக்குப் பாதியில் கிளம்பி, பஸ்ஸில் வந்து இறங்கி நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தாள். வாசல் பக்கம் இருந்த பிள்ளைகள் வெங்காய வாசனைக்கு மூக்கைச் சுளித்தன.

சத்யபிரியா டீச்சர் தரையில் உட்கார்ந்து ஒண்ணாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு ‘ப’ எழுதக் காட்டிக்கொண்டிருந்தாள். எழுந்து நின்றாள்.

“உள்ள வாங்கம்மா.”

“உள்ள வந்தா எனக்கும் ரெண்டு பிள்ளையைப் பிடிச்சுக் குடுத்துருவீங்க. நான் இங்கனயே நிக்கேன்.”

குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் நடுவில், வயலை ஒட்டி இருக்கிற ஒன்றியத் தொடக்கப் பள்ளி அது. அஞ்சு வகுப்பு, இருபத்தேழு பிள்ளைகள், ரெண்டே வாத்தியார். பேர்தான் ரெண்டு. தலைமை ஆசிரியர் குத்தாலிங்கம் வாரத்தில் ரெண்டு நாள் கூட்டத்துக்குப் போய்விடுவார். அன்றைக்கு அஞ்சு வகுப்பும் ஒரே கூடத்தில் சத்யபிரியா தலையில். அதனால் அவள் ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். தினமும் பதினோரு மணியிலிருந்து நாற்பது நிமிஷம், நாலாம், அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு சின்னப் பிள்ளையோடு ஜோடி. ஜோடிக்கு ஒரு பென்சில். அது சின்னவர் கையில்தான் இருக்கணும், பெரியவர் வாயால் சொல்லலாம், குச்சி, மணி வைத்துக் காட்டலாம், பென்சிலைத் தொடக் கூடாது. கரும்பலகையின் மேல் ஓரத்தில் இது எழுதியே இருந்தது. பக்கத்துச் சுவரில் ஒரு சார்ட். எந்த ஜோடி பயிற்சி நூலில் எத்தனை பக்கம் சரியாக முடித்ததோ, அத்தனை நட்சத்திரம்.

சங்கரேஸ்வரி மகள் ப்ரீதா பேருக்கு நேரே நட்சத்திரம் ஒட்ட இடமில்லாமல் அடுத்தவர் வரிசைக்குப் போயிருந்தது.

“ஜோடின்னுதான சொன்னீங்க. ஜோடின்னா ரெண்டு. அங்கன நாலு தலை தெரியுது.”

ப்ரீதா தண்ணீர்க் குடத்தருகே உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் மூணாம் வகுப்பு செண்பகா. இன்னொரு பக்கம் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகள் ரெண்டு பேர். அவளுடைய கணக்குப் புத்தகம் மூடிக் கிடந்தது, அதன் மேல் செண்பகாவின் தண்ணீர் பாட்டில்.

“புவனேஷும் இன்னொருத்தனும் வரலைம்மா,” என்றாள் சத்யபிரியா. “இப்ப குற்றால சீசனாச்சே. அருவிக்கரையில கடைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அவங்க கூட இருந்த சின்னப் பிள்ளைங்க சும்மா இருக்கக் கூடாதேன்னு…”

“என் மவ தலையில கட்டிட்டீங்க.”

“ஒரு வாரம்தாம்மா.”

“மூணு வாரம், டீச்சர்,” என்றாள் ப்ரீதா, நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சத்யபிரியாவுக்கு முகம் சுருங்கிப் போனது.

“கேட்டீங்களா. பிள்ளை கணக்கு வச்சிருக்கா, உங்களுக்குத்தான் தெரியலை. ஆம்பளப் பய கடைக்குப் போவான், அவன் வேலையும் சேத்து என் மவ பாப்பா. நல்லாப் படிக்கவளுக்கு இதுதான் தண்டனையா?”

“தண்டனை இல்லம்மா. சொல்லிக் குடுக்கும்போது அவளும் கத்துக்கிடுதா. இதை நிறுத்திட்டா என்ன ஆகும்னு யோசிங்க. நான் ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்தும்போது மத்த நாலு வகுப்பும் சும்மா உக்காந்திருக்கும்.”

“அது உங்க கஷ்டம். என் மவ கஷ்டம் இல்ல.” இடுப்பிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் காட்டினாள். “டிசி கேட்டு எழுதியிருக்கேன். என் தங்கச்சி மவ தென்காசியில இங்கிலீஷ் மீடியத்துல அஞ்சாப்பு. அவ கணக்குப் புத்தகத்துல மூணாவது பாடம் ஓடுது. இவ இன்னும் ரெண்டாவது பாடத்துல நாலாம் பக்கம். வெள்ளிக்கிழமை கூட்டத்துல எல்லாரும் இருக்கும்போது குடுக்கேன். இந்தக் கலவைச் சாதத்தை நிறுத்துனா கிழிச்சுப் போடுதேன். இல்லைன்னா என் மவ திங்கக்கிழமை இங்கன இருக்க மாட்டா.”

பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அவள்தான் தலைவி. சத்யபிரியாதான் போன வருஷம் அவள் வீட்டுக்கு ரெண்டு தடவை நடந்து, நீங்க துணிச்சலாப் பேசுவீங்கம்மா, நீங்கதான் நிக்கணும் என்று கெஞ்சி நிற்க வைத்தவள்.

*

வெள்ளிக்கிழமை மூணு மணிக்குச் சாரல் பிடித்துக்கொண்டது. இருபது பேர் குழுவில் ஆறு பேர்தான் வந்தார்கள். மற்றவர்களுக்கு அருவியில் வியாபாரம். பிள்ளைகள் வராந்தாவில் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தன. குத்தாலிங்கம் சார் தீர்மான நோட்டை விரித்து வைத்து, தேதியை மட்டும் அழகாக எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்.

“முதல்ல டீ குடிங்க எல்லாரும்,” என்றார்.

“டீ ஆறட்டும் சார். என் விஷயம் ஆறலை,” என்றாள் சங்கரேஸ்வரி. காகிதத்தை நோட்டின் மேல் வைத்தாள்.

குத்தாலிங்கம் படித்துவிட்டு, சத்யபிரியாவைப் பார்க்காமலே பேசினார். “நான் அப்பவே சொன்னேன். வகுப்பு வாரியா வரிசையா உக்கார வச்சா ஒரு வம்பும் வராதுன்னு. புதுசு புதுசா செய்யணும்னு இவங்களுக்கு ஆசை.”

“வரிசையா உக்கார வச்சுட்டு நீங்க கூட்டத்துக்குப் போயிருவீங்க சார்,” என்றாள் சத்யபிரியா.

“பெற்றோர் முன்னாடி இப்படிப் பேசுறது சரியில்ல டீச்சர்.”

“அவங்க பேசட்டும் சார். தெரிஞ்சுக்கிடுதோம்,” என்றாள் ஹைருன் பீவி. அவளுடைய மகன் ஒண்ணாம் வகுப்பு, மகள் நாலாம் வகுப்பு. ரெண்டு பேரும் இந்த ஏற்பாட்டின் ரெண்டு முனையிலும் இருந்ததால் அவள் யார் பக்கம் என்று யாருக்கும் பிடிபடவில்லை.

பிச்சுமணி கை தூக்கினான். செண்பகாவின் அப்பா. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற வேலை. சீசனில் ஒரு மணி நேரம் விட்டு வருவதே அவனுக்கு நஷ்டம். உள்ளங்கை ரெண்டும் எண்ணெயில் பளபளத்தது.

“யக்கா, ஒம்ம மவளைக் கூட்டிட்டுப் போவணும்னா போங்க. அதுக்காக எல்லார் பிள்ளைக்கும் இருக்கதை நிறுத்தச் சொல்லாதீங்க. என் மவ போன வருஷம் பேரு எழுத முழிச்சா. இப்ப பாருங்க.” பையிலிருந்து பயிற்சி நூலை எடுத்து விரித்தான். “எல்லாம் ரைட்டு. ஒரு தப்புக் கிடையாது. பக்கத்துக்குப் பத்துக்குப் பத்து.”

“எங்க, குடுங்க அண்ணாச்சி.”

சங்கரேஸ்வரி வாங்கிப் பார்த்தாள். ஒரு பக்கம் திருப்பினாள். இன்னொரு பக்கம். பிறகு முதல் பக்கத்துக்கே வந்தாள். வெங்காயத்தில் நல்லது சொத்தை பார்த்துப் பழகிய விரல் ஒரு இடத்தில் நின்றது.

“இது யாரு எழுத்து?”

“என் மவ எழுத்து. வேற யாரு?”

“இந்த ஏழு நம்பரைப் பாருங்க. இடுப்புல ஒரு கோடு. இந்த ஊர்ல ஏழுக்கு இடுப்புல கோடு போடுத ஒரே ஆளு என் மவதான். அவ அப்பா சவூதியில இருந்து வந்திருந்தப்போ கத்துக் குடுத்தது. அங்கன கம்பெனியில அப்படித்தான் போடணுமாம்.” புத்தகத்தைத் திருப்பி எல்லோருக்கும் காட்டினாள். “இங்க ஒரு ஏழு. இங்க ஒண்ணு. இந்தப் பக்கம் பூராவும் என் மவ எழுதினது. அடுத்த பக்கமும். இவரு மவ என்னத்த எழுதுனா? பேரு மட்டும் மேல எழுதியிருக்கா, கோணலா.”

பிச்சுமணி புத்தகத்தைப் பிடுங்கினான். பார்த்தான். எண்ணெய்க் கை பட்ட இடமெல்லாம் தாள் கண்ணாடி மாதிரி ஆனது.

“டீச்சர், என்னது இது?”

சத்யபிரியா அருகில் வந்து பார்த்தாள். ஒவ்வொரு கணக்குக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக். ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே அவளுடைய கையெழுத்து.

“டிக் அடிச்சது யாரு?” என்றாள் ஹைருன் பீவி மெதுவாக.

“நான்தான்.”

“பாத்துத்தான அடிச்சீங்க?”

“விடையைப் பாத்தேன். எழுத்தைப் பாக்கலை.”

“அப்ப அந்தப் போர்டுல எழுதி வச்சிருக்கது?” பிச்சுமணிக்குக் குரல் ஏறியது. “பெரியவங்க பென்சிலைத் தொடக் கூடாதுன்னு? நான் படிக்கத் தெரியாதவன்னு நினைச்சீங்களா? ஒவ்வொரு தடவையும் வரும்போது வாசிச்சுப் பாத்து சந்தோஷப்பட்டிருக்கேன்.”

“ப்ரீதாவைக் கூப்பிடுங்க,” என்றார் குத்தாலிங்கம். வம்பு தன் பக்கம் திரும்பாததில் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது.

ப்ரீதா வந்தாள். பின்னாலேயே செண்பகாவும் வந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

“ஏட்டி, இதை ஏன் நீ எழுதுன?” என்றாள் சங்கரேஸ்வரி.

ப்ரீதா அம்மாவைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், கடைசியில் தண்ணீர்க் குடத்தைப் பார்த்துச் சொன்னாள். “மூணு பேரும்மா. இவ ஒரு கணக்குப் போட அஞ்சு நிமிஷம் எடுக்கா. அந்த ரெண்டு பேரும் பென்சிலுக்குச் சண்டை போடுவாங்க. நானே எழுதி முடிச்சா என் புத்தகத்தைக் கொஞ்சம் பாக்கலாம்னு எழுதுனேன். எழுதி முடிச்சா டீச்சர் ஸ்டார் ஒட்டுனாங்க. பெறவு அடுத்த பக்கம் குடுத்தாங்க.”

வராந்தாவில் பையன்கள் சாரலில் கை நீட்டிக் கத்துகிற சத்தம் உள்ளே வந்தது.

“போதுமா டீச்சர்?” என்றாள் சங்கரேஸ்வரி. “நானும் இந்தக் கூடத்துலதான் அஞ்சாப்பு வரைக்கும் படிச்சேன். தம்பியை இடுப்புல வச்சுக்கிட்டு. அவன் அழுதா, ஏ சங்கரி, வெளிய தூக்கிட்டுப் போன்னு வாத்தியார் சொல்லுவாரு. பாதிப் பாடம் நான் அந்தக் குழாயடியிலதான் படிச்சேன். தம்பி இன்னைக்குக் கோயம்புத்தூர்ல சூப்பர்வைசர். நான் வெங்காயம் பொறுக்குதேன். பொம்பளப் பிள்ளை பொறுப்பா இருந்தா உங்களுக்கெல்லாம் ஒரு சௌகரியம். இடுப்புல ஒண்ணைத் தூக்கி வச்சுருவீங்க. நீங்க ஒண்ணு இல்ல, மூணு வச்சுட்டீங்க.”

“நான் செஞ்சது தப்பு,” என்றாள் சத்யபிரியா. “ஜோடி வச்சது தப்பில்ல. வராதவங்க பிள்ளைகளை இவகிட்டத் தள்ளுனது தப்பு. அந்த சார்ட்டும் தப்பு.”

“யக்கா பிள்ளை கதை முடிஞ்சுது. என் பிள்ளை கதை?” பிச்சுமணி எழுந்துவிட்டான். “ஏட்டி செண்பகா, வா. போர்டுல போடு. டீச்சர், நீங்க ஒரு கணக்குக் குடுங்க. நான் இன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் போவேன்.”

“எல்லார் முன்னாடியும் வேண்டாமே,” என்றாள் சத்யபிரியா.

“ஸ்டாரை எல்லார் முன்னாடியும்தான ஒட்டுனீங்க.”

சத்யபிரியா 52 எழுதி, அதன் கீழே 27 எழுதி, கழித்தல் குறி போட்டாள். செண்பகா சாக்பீஸை வாங்கிக்கொண்டு நுனிக்காலில் நின்றாள். ஏழில் ரெண்டு போனால் அஞ்சு என்றாள். அஞ்சில் ரெண்டு போனால் மூணு என்றாள். 35 என்று எழுதி, திரும்பி, அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

பிச்சுமணி உட்கார்ந்துவிட்டான்.

“மேல இருக்கதுல இருந்துதான கீழ இருக்கதைக் கழிக்கணும்,” என்றார் குத்தாலிங்கம். “சின்னதுல இருந்து பெருசு போவாதுன்னு திருப்பிப் போட்டுட்டா. ப்ரீதா, சரியாப் போட்டுக் காட்டு.”

ப்ரீதா போய், செண்பகாவின் விடையை அழித்தாள். அஞ்சின் மேல் ஒரு கோடு கிழித்து நாலு என்று எழுதினாள். ரெண்டின் பக்கத்தில் ஒண்ணு போட்டுப் பன்னிரண்டாக்கினாள். பன்னிரண்டில் ஏழு போனால் அஞ்சு. நாலில் ரெண்டு போனால் ரெண்டு. 25. மூச்சு விடுகிற நேரத்துக்குள் முடிந்தது. சங்கரேஸ்வரி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“அக்கா,” என்றாள் செண்பகா, “அஞ்சை ஏன் அடிச்ச?”

“பக்கத்துல இருந்து ஒண்ணு எடுக்கணும்.”

“ஒண்ணுதான எடுத்த. ரெண்டோட ஒண்ணு சேத்தா மூணுதான வரும். பன்னெண்டு எப்படி வந்துச்சு?”

“அப்படித்தான் போடணும்.”

“ஏன்?”

“அப்படித்தான்ட்டி.”

“நோட்டுல எழுதும்போதும் கேட்டேன். கையை எடுன்னு சொல்லிட்ட.”

ப்ரீதா சாக்பீஸை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். காது சிவந்தது. “குத்தாலிங்கம் சார் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. மூணாப்புல.”

எல்லாத் தலையும் குத்தாலிங்கம் பக்கம் திரும்பியது. அவர் தீர்மான நோட்டில் அடிக்கோட்டுக்குக் கீழே இன்னொரு அடிக்கோடு போட்டார்.

“முப்பது வருஷமா எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்கேன். விடை சரியா வருதில்ல?”

“அவளுக்குத் தெரியாமயா இருக்கும்?” என்றாள் சங்கரேஸ்வரி. “கணக்குல முழு மார்க்கு எடுக்கவ. சொல்லுட்டி.”

ப்ரீதா சாக்பீஸை நகத்தால் சுரண்டினாள்.

“விடை போடத் தெரியுது. ஏன் அப்படி வருதுன்னு தெரியலை,” என்றாள் சத்யபிரியா. “இவளுக்குத் தெரியாதுங்கறது எனக்கும் இந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது. அஞ்சாம் வகுப்பைத் தனியா உக்கார வச்சிருந்தா இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. அங்க எல்லாரும் இவ மாதிரியே அடிச்சு, ஒண்ணு போட்டுப் போயிருப்பாங்க. இதுக்குத்தாம்மா ஒரு சின்னப் பிள்ளை பக்கத்துல இருக்கணும்னு சொல்லுதேன்.”

“நல்லாத் திருப்புதீங்க டீச்சர். தப்பு நீங்க செய்வீங்க, அதுல இருந்து ஒரு பெருமையையும் நீங்களே எடுத்துக்கிடுவீங்க.”

“பெருமை இல்லம்மா. நான்…”

“மூணு வாரமா கேட்டிருக்கா இந்தப் பிள்ளை. உங்க காதுல விழுந்துச்சா? நீங்க ஸ்டார் ஒட்டிட்டு இருந்தீங்க.”

சத்யபிரியா சுவரில் இருந்த சார்ட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்ப என் மவ இனிமே யாருகிட்டப் படிக்க?” என்றான் பிச்சுமணி. “ஒருத்தி எழுதிக் குடுத்துட்டா. ஒருத்தங்க பாக்காம டிக் அடிச்சாங்க. ஒருத்தர் கூட்டத்துக்குப் போயிட்டாரு.”

“உங்க மவளை நீங்க ஒரு நாள் வீட்டுல எழுதச் சொல்லிப் பாத்தீங்களா?” என்றார் குத்தாலிங்கம்.

“ராத்திரி பத்து மணிக்கு அருவிக்கரையில இருந்து வாரவன்கிட்டக் கேளுங்க அதை.”

“சார், அவரை விடுங்க. நீங்க மூணாப்புல நடத்துன லட்சணத்தைத்தான் இப்பப் பாத்தோம்.” இது ஹைருன் பீவி. “என் மவ நாலாப்பு. அவளையும் கூப்பிட்டுக் கேக்கட்டுமா?”

“கூப்பிட வேண்டாம்,” என்றார் குத்தாலிங்கம் அவசரமாக.

சத்தம் இப்படி மேலே ஓடிக்கொண்டிருந்தபோது, ப்ரீதா போய் அலமாரியின் கீழ்த் தட்டிலிருந்து ஈர்க்குச்சி டப்பாவை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட கட்டுகள், தனிக் குச்சிகள். அஞ்சு கட்டும் ரெண்டு தனிக் குச்சியும் எடுத்து வைத்தாள். செண்பகா எதிரில் சம்மணம் போட்டாள்.

அவர்களைப் பார்த்தது சங்கரேஸ்வரி ஒருத்திதான். மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று திரும்பியவள், பிடிக்கவில்லை. நின்றாள்.

“இதுல இருந்து இருபத்தேழு எடுக்கணும்,” என்றாள் ப்ரீதா. “முதல்ல ஏழு.”

“ரெண்டுதான இருக்கு.”

“ஆமா.”

“கட்டுக்குள்ள இருக்கே.”

“கட்டை அப்படியே எடுத்தா பத்து போயிரும்ட்டி.”

“அவுத்தா?”

ப்ரீதா பதில் சொல்வதற்குள் செண்பகா ரப்பர் பேண்டை இழுத்துவிட்டாள். குச்சிகள் சிதறின. ப்ரீதா அவற்றை ரெண்டு தனிக் குச்சியோடு சேர்த்து எண்ணினாள். பன்னிரண்டு. இன்னொரு முறை எண்ணினாள். மீதிக் கட்டுகளை எண்ணினாள், நாலு. தலையைத் தூக்கிக் கரும்பலகையில், தானே அடித்துவிட்ட அஞ்சைப் பார்த்தாள். அதன் தலைமேல் இருந்த நாலைப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்தபடி நின்றது.

“இது ஒண்ணு இல்ல,” என்றாள். “ஒரு கட்டு.”

“நான்தான் அவுத்தேன்,” என்றாள் செண்பகா.

சங்கரேஸ்வரி கிட்டே போனாள். “இப்பத் தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுதும்மா.”

“முன்னாடி தெரியாமத்தான் முழு மார்க்கு வாங்குனியா?”

ப்ரீதா ஆமாம் என்று தலையை ஆட்டினாள். சங்கரேஸ்வரிக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. சிதறிக் கிடந்த குச்சிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பி மேஜைக்கு வந்து, நின்றபடியே சொன்னாள்.

“சார், எழுதுங்க.”

“டிசியா?”

“தீர்மானம். ஜோடின்னா ரெண்டு பேரு. பெரியவங்க யாராவது வரலைன்னா அவங்க ஜோடிப் பிள்ளை டீச்சர்கிட்டப் போகும், என் மவகிட்ட வராது. கடைக்குப் போன பயலுவ திரும்பி வந்ததும் அவன் அவன் பிள்ளையை அவன் அவன்தான் பாக்கணும்.”

குத்தாலிங்கம் எழுதினார்.

“அஞ்சாப்புக்கு தினமும் ரெண்டு மணிக்கு ஒரு மணி நேரம் கணக்கு. நீங்கதான் நடத்தணும், சார். அது அவங்களுக்கு மட்டும். சின்னப் பிள்ளை ஒண்ணும் பக்கத்துல கிடையாது.”

“கூட்டம் இருந்தா?”

“மறுநாள் ரெண்டு மணி நேரம்.”

“அதெல்லாம் நடைமுறையில…”

“அந்தக் காயிதத்தை நான் எடுத்துட்டு நேரா தென்காசி கல்வி ஆபீசுக்குப் போவேன், சார். பஸ் இருக்கு.”

எழுதினார்.

“அந்தச் சார்ட்டை இப்பவே கிழிங்க,” என்றான் பிச்சுமணி. அதற்குத் தீர்மானம் எழுதும்வரை சத்யபிரியா காத்திருக்கவில்லை. நாலு மூலையும் பிரிந்து வந்ததும் சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம் தெரிந்தது. சுருட்டி மேஜைக்கடியில் வைத்தாள்.

“வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை நோட்டை நான் பாப்பேன்,” என்றாள் சங்கரேஸ்வரி. டிசி காகிதத்தை மடித்துத் தீர்மான நோட்டுக்குள்ளேயே வைத்து மூடினாள். “இது இதுக்குள்ள இருக்கட்டும். தேதி போடலை. வேற எவ நோட்டுலயாவது இடுப்புல கோடு போட்ட ஏழை நான் பாத்தேன்னா, அன்னைக்கு தேதி போடுவேன். அப்புறம் என்கிட்ட யாரும் பேச வராதீங்க.”

டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. ஹைருன் பீவி மட்டும் குடித்தாள்.

*

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் மார்க்கெட்டிலிருந்து நேரே வந்தாள். பிச்சுமணி முன்னாலேயே வந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.

“யக்கா, நீங்களே பாருங்க. போன வாரம் வரைக்கும் பத்துக்குப் பத்து. இப்ப பத்துக்கு நாலு. இதுதான் உங்க தீர்மானம்.”

“உங்க மவ போட்ட நாலு அண்ணாச்சி. போன வாரப் பத்துல ஒண்ணாவது அவ போட்டதா?”

பயிற்சி நூலை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பக்கம் அழுக்காக இருந்தது. அழித்து அழித்து ஒரு இடத்தில் தாள் ஓட்டையே விழுந்திருந்தது. சிவப்பு மை டிக் நாலு. தப்பான ஆறுக்குப் பக்கத்திலும் சத்யபிரியா ஏதோ எழுதியிருந்தாள்: ‘கட்டை அவிழ்க்க மறந்தாய்’, ‘இது ஏன்? நாளை சொல்’. ஓரத்தில் கட்டும் குச்சியுமாகப் படம். ரெண்டாவது பக்கத்தில், நாலாவது கணக்கில், ஒரு ஏழு. இடுப்பில் கோடு.

சங்கரேஸ்வரி பயிற்சி நூலை மூடவில்லை. விரலை அங்கேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“டீச்சர். அந்தத் தீர்மான நோட்டை எடுங்க. பேனாவும் எடுங்க.”

சத்யபிரியா வந்து எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்தது. “நான் பதினோரு மணிக்கு ஒவ்வொரு நாளும் பக்கத்துலயே நின்னேம்மா. இவ தொடலை.”

“ஏழு தொட்டிருக்கே. ஏட்டி ப்ரீதா, இங்க வா.”

“நான் எழுதலைம்மா.”

“பின்ன சவூதியில இருந்து உங்கப்பா வந்து எழுதிட்டுப் போனாரா?”

“நான்தான் எழுதுனேன்,” என்றாள் செண்பகா, தண்ணீர்க் குடத்துப் பக்கமிருந்து. எழுந்து வரக்கூட இல்லை.

“நீயா?”

“அக்கா மாதிரி.”

சங்கரேஸ்வரி பென்சிலை எடுத்து அவளிடம் போனாள். பயிற்சி நூலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி அவள் மடியில் வைத்தாள். “இங்கன ஒண்ணு போடு பாப்போம்.”

செண்பகா நாக்கைக் கடித்துக்கொண்டு ஏழு போட்டாள். கீழே கொஞ்சம் வளைந்து போனது. பிறகு பென்சிலைத் தூக்கி, யோசித்து, இடுப்பில் ஒரு கோடு போட்டாள். கோடு நீளமாகி அடுத்த கட்டத்துக்குள் போய்விட்டது. பயிற்சி நூலில் இருந்த ஏழும் அதே மாதிரிதான் அடுத்த கட்டத்துக்குள் போயிருந்தது.

சங்கரேஸ்வரி ரெண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிச்சுமணி வாசலில் எழுந்து நின்றிருந்தான்.

“எனக்கு இருந்த ஒரு அடையாளம் இதுதான். அதையும் கெடுத்துட்டீங்க,” என்றாள் சத்யபிரியாவிடம். “இனிமே எதை வச்சு நான் கண்டுபிடிக்க?”

“பதினோரு மணிக்கு வந்து பாருங்கம்மா. பென்சில் யார் கையில இருக்குன்னு தெரியும்.”

“என் வேலையை யாரு பாப்பா? நீங்களா?”

தீர்மான நோட்டு மேஜை மேல் திறந்து கிடந்தது. டிசி காகிதத்தை எடுத்துப் பார்த்தாள். தேதி இருக்க வேண்டிய இடம் அப்படியே வெறுமையாக இருந்தது. திரும்ப உள்ளே வைத்தாள். மணி ரெண்டடிக்க அஞ்சு நிமிஷம் இருந்தது.

“குத்தாலிங்கம் சார் எங்க?”

“டீ குடிக்கப் போயிருக்காரு.”

“வந்து பாடம் நடத்துதவரைக்கும் நான் இங்கன உக்காந்திருப்பேன்னு சொல்லுங்க,” என்றாள். அன்றைக்குத்தான் முதல்முறையாகச் செருப்பைக் கழற்றினாள்.